'சிறந்தவை' பட்டியலில் எது இல்லை, ஏன் இல்லை

இணையத்தில் கண்ணில் படும் கட்டுரையைச் சேமித்து வைத்துப் பிறகு நிதானமாகப் படிக்க உதவும் சேவைகளில் பாக்கெட் பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது. 2007-ல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் தொடங்கி, 2012-ல் பெயர் மாற்றி, 2017-ல் மொசில்லாவின் கைக்குப் போனது. 2025 மே 22 அன்று, சேவையை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 8 அன்று மூடிவிட்டார்கள்.

இடையில் இருந்த ஆறேழு வாரங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜூன் நடுவில் ஒருவர் 'பிறகு படிக்க உதவும் சிறந்த சேவைகள்' என்று பட்டியல் போடுகிறார். பாக்கெட்டில் தன் பழைய கணக்கைத் திறந்து, நாலு கட்டுரைகளைச் சேமித்து, கைப்பேசியில் படித்துப் பார்க்கிறார். எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. முதலிடம் கொடுக்கிறார். சோதித்ததில் பொய் எதுவும் இல்லை, ஆனால் பட்டியல் தப்பு. 'நன்றாக வேலை செய்கிறதா' என்று கேட்டவர், 'இன்று புதிதாக ஒருவர் இதை நம்பித் தொடங்கலாமா' என்று கேட்கவில்லை.

'சிறந்தவை' பட்டியல்கள் பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் விழுகின்றன. எழுதுபவரின் ரசனை மோசமாக இருப்பதால் விழுவது அரிது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பது முதலில் எழுதப்படாததால்தான் விழுகின்றன. அது எழுதப்படாமல் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விட்டவற்றைப் பார்க்க வேண்டும். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் நாலு நல்ல வார்த்தை யாராலும் எழுத முடியும். விட்ட ஒவ்வொன்றுக்கும், ஏற்கெனவே அறிவித்த அளவுகோலை மட்டும் சுட்டி ஒரு வரியில் காரணம் சொல்ல முடிகிறதா என்பதுதான் கஷ்டமான சோதனை. முடியவில்லை என்றால் கோளாறு அளவுகோலில் இருக்கிறது.

அதே 'பிறகு படிக்க' பட்டியலை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் வேலி

பெயர்களைத் திரட்டும் முன் நிபந்தனைகளை எழுத வேண்டும். பெயர்கள் முதலில் வந்துவிட்டால், நமக்குப் பிடித்தது உள்ளே நிற்கும்படி நிபந்தனைகள் தானாக வளைந்துவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, ஆனால் நடந்துவிடுகிறது.

அடுத்து, நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று நுழைவு நிபந்தனை. ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் அதற்கு உண்டு. மற்றது, உள்ளே வந்தவற்றை வரிசைப்படுத்தும் அளவுகோல். அங்கே ரசனைக்கும் இடம் உண்டு. இரண்டும் கலந்தால், 'அழகாக இருக்கிறது' என்ற காரணத்துக்காக, செத்துப்போன ஒரு சேவை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நம் பட்டியலுக்கு நான் எழுதும் நுழைவு நிபந்தனைகள் நான்கு. இன்று புதியவர் ஒருவர் கணக்குத் தொடங்க முடிய வேண்டும். கட்டுரையின் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, இணையத் தொடர்பு இல்லாத நேரத்திலும் காட்ட வேண்டும். சேமித்த அனைத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்துச் செல்ல வழி இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள் அடைபட்டிருக்கக் கூடாது.

இவற்றில் 'எளிமை', 'தரம்', 'நம்பகத்தன்மை' போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நுழைவு நிபந்தனை உருப்படியானதா என்று பார்க்க, அதை இன்னொருவர் கையில் கொடுங்கள். அவரும் நீங்களும் தனித்தனியாகச் சோதித்தால் ஒரே பதில் வர வேண்டும். 'எளிமையானது' என்றால் இருவருக்கும் இரண்டு பதில் வரும். 'ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம்' என்றால் இருவரும் அதே பொத்தானைத் தேடி அழுத்திப் பார்ப்பார்கள். நம்பகத்தன்மை முக்கியம் என்று தோன்றினால், அதைச் சோதிக்கக் கூடிய ஒன்றாக உடைத்து எழுதலாம்: 'கடந்த 12 மாதங்களில் ஒரு புதிய வெளியீடாவது வந்திருக்க வேண்டும்' என்பதுபோல.

நான்காவது நிபந்தனையால் ஆப்பிளின் சஃபாரி உலாவியோடு வரும் வாசிப்புப் பட்டியல் வெளியே போகிறது. அது நல்ல வசதிதான். இணையம் இல்லாமலும் படிக்கலாம். ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கு வெளியே அது இல்லை. ஆப்பிள் கருவிகள் மட்டுமே வைத்திருப்பவருக்கு இந்தப் பட்டியலே தேவைப்படாமல் போகலாம். விலக்குக் குறிப்பில் அதைச் சொல்லிவிட்டால் அவர் அங்கேயே பயனடைந்து கிளம்பிவிடுவார்.

ஒரு விளிம்பு வழக்கு

இப்போது ஆம்னிவோரை எடுத்துக்கொள்வோம். இதுவும் இதே வகைச் சேவை. நிரல் முழுவதும் திறமூலமாக இருந்தது. 2024 அக்டோபர் கடைசியில், அதன் குழு இலெவன்லேப்ஸ் நிறுவனத்தில் சேர்வதாக அறிவித்தது. நவம்பரில் சேவை நின்றது. ஆனால் நிரல், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அப்படியே இருக்கிறது. சொந்தமாகச் சர்வர் வைத்திருப்பவர் அதை எடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆம்னிவோர் பட்டியலில் வருமா? 'நன்றாக இருந்தது, ஆனால் மூடிவிட்டார்கள்' என்பது பதில் ஆகாது. நிரல் உயிரோடு இருக்கிறதே என்று யாராவது கேட்டால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்காது. முதல் நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள்: புதியவர் ஒருவர் கணக்குத் தொடங்க முடிய வேண்டும். ஆம்னிவோரில் முடியாது. வெளியே.

சரி, அப்போது வாலபேக்? அதுவும் திறமூலம், 2013-லிருந்து இருக்கிறது, பலர் சொந்தச் சர்வரில்தான் நிறுவிக்கொள்கிறார்கள். ஆனால் நிறுவத் தெரியாதவர்கள் கணக்குத் தொடங்கிக்கொள்ள, அவர்களே நடத்தும் கட்டணச் சேவையும் இருக்கிறது. அதனால் முதல் நிபந்தனையைத் தாண்டிவிடுகிறது. இரண்டும் திறமூலம், இரண்டையும் சொந்தமாக நிறுவலாம், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இதில் என் விருப்பு வெறுப்புக்கு வேலையே இல்லை. யாருக்காக எழுதுகிறேன் என்பதுதான் தீர்மானித்தது. சொந்தச் சர்வர் வைத்திருப்பவர்களுக்காக எழுதினால் முதல் நிபந்தனை வேறாக இருக்கும். அப்போது ஆம்னிவோரைப் பற்றிய முடிவு கடைசி வெளியீடு எப்போது என்ற கேள்விக்கு நகரும்.

பட்டியலை எழுதுபவர் பல நேரம் இந்த விளிம்பு வழக்குகளைச் சத்தம் போடாமல் தவிர்த்துவிடுகிறார். என் கருத்தில், கட்டுரையில் அதிக இடம் பெற வேண்டியவை இவைதான். முதலிடத்தில் இருப்பது ஏன் நல்லது என்பதை அந்தச் சேவையின் முகப்புப் பக்கமே சொல்லிவிடும். விளிம்பில் இருந்தது ஏன் உள்ளே வந்தது, ஏன் வெளியே போனது என்பதைப் பட்டியல் எழுதியவரிடமிருந்து மட்டுமே வாசகர் தெரிந்துகொள்ள முடியும்.

மூன்று தேதிகள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் மூன்று தேதிகள் உண்டு: அந்தப் பொருளுக்கே உரிய தேதி, நான் சரிபார்த்த தேதி, கட்டுரை வெளியான தேதி. பெரும்பாலான பட்டியல்களில் மூன்றாவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். சில தளங்களில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலே 'கடைசியாகப் புதுப்பித்தது' என்ற தேதி மாறிவிடும். அதைப் பார்த்து, எல்லாவற்றையும் அன்றைக்கு மறுபடி சோதித்திருக்கிறார்கள் என்று வாசகர் நம்பிவிடுகிறார்.

பொருளுக்கே உரிய தேதியைக் கண்டுபிடிப்பது பார்ப்பதற்குச் சுலபம், உண்மையில் வழுக்கும். திறமூல நிரலுக்கு, கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது என்று கேட்டால் நேற்றைய தேதி வரலாம். உள்ளே போய்ப் பார்த்தால், அந்த நிரல் சார்ந்திருக்கும் பிற நிரல் நூலகங்களின் பதிப்பு எண்ணைத் தானியங்கி ஒன்று உயர்த்தியிருக்கும். மனிதர் யாரும் மாதக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். அதனால் கடைசி மாற்றத்தைவிடக் கடைசி வெளியீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். நிரலைப் படியெடுத்து வைத்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்:

```
git log -5 --format='%cs %an %s'
git tag --sort=-creatordate | head -3
```

முதல் வரி கடைசி ஐந்து மாற்றங்களின் தேதி, செய்தவர் பெயர், குறிப்பு மூன்றையும் காட்டும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து முறையும் தானியங்கியின் பெயர் வந்தால் விஷயம் புரிந்துவிடும். இரண்டாவது வரி கடைசி மூன்று வெளியீட்டுக் குறிகளைத் தரும். அப்புறம், கிட்ஹப் பக்கத்தின் மேலேயே 'காப்பகத்தில் வைக்கப்பட்டது' என்ற பட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நிரல் எழுதப் பயன்பட்ட 'ஆட்டம்' என்ற எழுத்துத் திருத்தியை மூடப்போவதாக 2022 ஜூனில் அறிவித்து, டிசம்பர் 15 அன்று அதன் களஞ்சியத்தைக் காப்பகமாக்கினார்கள். அதற்குப் பிறகும் நிரலை இறக்கலாம், திறக்கலாம், எழுதலாம். கணினியில் ஓடுகிறது என்பது மட்டும் அது உயிரோடு இருப்பதற்குச் சான்று ஆகாது.

நிரல் திறந்திருக்காத சேவைகளுக்கு, செயலிக் கடையில் உள்ள பதிப்பு வரலாற்றையும் சேவையின் அறிவிப்புப் பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஜூன் மாதத்து பாக்கெட் தவறைத் தடுத்திருக்கக் கூடியது அறிவிப்புப் பக்கம்தான். உள்ளே நுழைந்து எவ்வளவு நேரம் சோதித்தாலும் தெரிந்திருக்காது.

'கிடைக்கிறது' என்ற சொல்லுக்குத் தேதி மட்டும் போதாது, இடமும் வேண்டும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இதே வகைச் சேவையான இன்ஸ்டாபேப்பர் ஐரோப்பியப் பயனர்களுக்குத் தன் சேவையை நிறுத்திவைத்தது. ஆகஸ்ட்டில்தான் திரும்பியது. அந்த ஜூலையில் அமெரிக்காவில் உட்கார்ந்து சரிபார்த்தவர் 'கிடைக்கிறது' என்று எழுதியிருந்தால், அவர் இருந்த இடத்துக்கு அது உண்மை. பெர்லினில் இருந்த வாசகருக்கு உண்மை இல்லை. எங்கிருந்து சோதித்தேன் என்று ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

ஆண்டுப் பட்டியல்களில் தேதி இன்னும் சிக்கலாகும், ஏனென்றால் அங்கே தேதிதான் நுழைவு நிபந்தனையே. ஒரு படத்தின் ஆண்டு என்பது விழாவில் முதலில் திரையிட்டதா, திரையரங்கில் வந்ததா, எந்த நாட்டுத் திரையரங்கில்? சாப்ளினின் 'லைம்லைட்' 1952-ல் வெளியானது. சாப்ளினுக்கு எதிரான புறக்கணிப்பால் லாஸ் ஏஞ்சலஸில் 1972 வரை முறையாகத் திரையிடப்படவில்லை. ஆஸ்கருக்குத் தகுதி பெற அந்த ஊரில் திரையிட்டிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. விளைவு, 20 ஆண்டு பழைய படத்தின் இசைக்கு 1973-ல் விருது கிடைத்தது. விசித்திரமாகத் தெரிந்தாலும் விதி எழுதப்பட்டிருந்ததால் யாரும் தவறு செய்யவில்லை. புத்தகத்துக்கும் இதே கேள்வி உண்டு. முதல் பதிப்பா, மறுபதிப்பா, மொழிபெயர்ப்பு வந்த ஆண்டா என்று சொல்லாமல் 'இந்த ஆண்டின் நூல்கள்' என்று போட்டால், அதில் பாதி எந்த ஆண்டையும் சேராது.

இன்னொன்று. டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆண்டுப் பட்டியலை வெளியிட்டுவிட்டால், டிசம்பர் 20-ல் வருவது அந்த ஆண்டிலும் சேராது, அடுத்த ஆண்டிலும் சேராது. ஒவ்வொரு ஆண்டும் அப்படிச் சில காணாமல் போகும். 'டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை' என்று வரம்பை எழுதிவிட்டால் தீர்ந்தது.

சரிபார்த்த தேதிக்கு ஒரு சின்னப் பழக்கம் போதும். தாளில் ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே எங்கே பார்த்தேன், எப்போது பார்த்தேன் என்று குறித்துக்கொள்வது. தேதியை 04/05 என்று எழுதாதீர்கள். ஏப்ரலா மே மாதமா என்று ஒரு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. மாதத்தின் பெயரை எழுதுங்கள். வெளியிடும் நாளுக்கு முந்தைய நாள், மிகப் பழைய தேதி உள்ள வரியிலிருந்து தொடங்கி மறுபடி பாருங்கள். முதலில் சோதித்ததுதான் ஐந்து வாரம் பழசாகி இருக்கும். பட்டியலில் அது முதலிடத்தில் இருக்கவும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பிடித்ததைத்தானே முதலில் சோதிக்கிறோம்.

விலக்கியவை என்ற பகுதி

இப்போது விட்டவற்றை எழுதும் நேரம். நம் பட்டியலில் அது இந்த மாதிரி இருக்கும்:

பாக்கெட்: 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. முதல் நிபந்தனை.
ஆம்னிவோர்: சேவை 2024 நவம்பரில் நின்றது. நிரல் கிடைக்கிறது, சொந்தச் சர்வர் வைத்திருப்பவர் பார்க்கலாம். முதல் நிபந்தனை.
சஃபாரி வாசிப்புப் பட்டியல்: ஆப்பிள் கருவிகளுக்குள் மட்டும். நான்காவது நிபந்தனை.
முகவரியை மட்டும் சேமிக்கும் புத்தகக்குறிச் செயலிகள்: கட்டுரையின் எழுத்தை வைத்துக்கொள்வதில்லை. இரண்டாவது நிபந்தனை.

இந்த நான்கும் சுலபமானவை. அளவுகோலைச் சுட்டிவிட்டால் வேலை முடிந்தது. நேர்மை தேவைப்படுவது இதற்கு அடுத்த இரண்டு வகைகளில்.

ஒன்று, நான் சோதிக்காதவை. ஒரு சேவை ஐபோனில் மட்டும் இயங்குகிறது, என்னிடம் ஐபோன் இல்லை என்றால், 'சோதிக்கவில்லை, என்னிடம் அந்தக் கருவி இல்லை' என்றுதான் எழுத வேண்டும். 'எதிர்பார்த்த அளவுக்கு இல்லை' என்று எழுதுவது அந்தச் சேவைக்குச் செய்யும் அநியாயம். 'இடமின்மையால் விடப்பட்டது' என்று எழுதுவது வாசகருக்குச் சொல்லும் பொய். திரையில் இடம் எப்போது தீர்ந்தது? எத்தனை பெயர்களைத் திரட்டினேன், அதில் எத்தனையைக் கையால் தொட்டுப் பார்த்தேன் என்ற இரண்டு எண்களையும் மேலேயே போட்டுவிட்டால், வாசகரே எடை போட்டுக்கொள்வார்.

மற்றது, எனக்குத் தொடர்பு உள்ளவை. நண்பர் நடத்தும் சேவை, இலவசக் கணக்குத் தந்த சேவை, இணைப்பு வழியாக யாராவது சேர்ந்தால் எனக்குப் பணம் வரும் சேவை. இவற்றைப் பட்டியலுக்கு வெளியே வைத்துக் காரணத்தையும் எழுதிவிடுவதே என் வழக்கம். சேர்த்துவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் தொடர்பைச் சொல்வதும் ஒரு வழிதான். ஆனால் மூன்றாவது இடமா நான்காவது இடமா என்று தடுமாறும்போது என் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்கே தெரியாது.

இந்தப் பகுதியை எழுதும்போதுதான் அளவுகோலில் உள்ள ஓட்டைகள் வெளியே வரும். ஒரு பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனா நிற்கும். நான்கு நிபந்தனைகளையும் தாண்டிவிட்டது, ஆனாலும் சேர்க்க மனம் வரவில்லை. யோசித்தால், தமிழ்க் கட்டுரைகளைச் சேமிக்கும்போது பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பது ஞாபகம் வருகிறது. நல்ல காரணம்தான். ஆனால் அது நிபந்தனைகளில் இல்லை. இப்போது இரண்டே வழி. ஒன்று, அந்தச் சேவையைச் சேர்த்து, குறையை அதன் கீழேயே எழுதுவது. இல்லை, 'லத்தீன் அல்லாத எழுத்துகளிலும் பத்திகள் பிரிந்து வர வேண்டும்' என்று ஐந்தாவது நிபந்தனையைச் சேர்த்து, ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் அதே தமிழ்க் கட்டுரைகளை வைத்து மறுபடி சோதிப்பது. அந்த ஒரு சேவைக்கு மட்டும் புதிய நிபந்தனையைப் பொருத்திவிட்டு நகர்வதுதான் கூடாது.

ஒரே ஒரு பெயரை மட்டும் வெளியேற்றும் நிபந்தனை இருந்தால் அதைச் சந்தேகத்தோடு பாருங்கள். அந்தப் பெயருக்காகவே எழுதியதாக இருக்கலாம். எல்லாப் பெயரும் தாண்டிவிடும் நிபந்தனையை நீக்கிவிடலாம், அது பக்கத்தை நிரப்புவதைத் தவிர எதையும் செய்யவில்லை.

எண்ணிக்கையும் இங்கே தானாக முடிவாகிவிடும். தலைப்பில் '10 சிறந்த' என்று முன்பே போட்டுவிட்டு, தேறியது ஆறுதான் என்றால், மீதி நான்கு இடங்களுக்கு நிபந்தனையைத் தளர்த்த வேண்டி வரும். பட்டியல்களின் ஏழாவது இடத்துக்குக் கீழே எழுத்து திடீரென்று மெலிந்து, சேவையின் சொந்த விளம்பர வரிகள் தலைகாட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆறு தேறினால் தலைப்பிலும் ஆறுதான்.

வெளியான பிறகு, 'இதை ஏன் விட்டீர்கள்' என்று யாராவது கேட்பார். விலக்கியவற்றில் அந்தப் பெயர் இருந்தால், அந்த வரியைக் காட்டினால் போதும். நாம் திரட்டிய பெயர்களிலேயே அது இல்லை என்றால், நான்கு நிபந்தனைகளையும் வைத்து அன்றே சோதிக்க வேண்டும். தேறினால் பட்டியலிலும், தேறாவிட்டால் விலக்கியவற்றிலும், சரிபார்த்த தேதியோடு ஒரு வரி சேரும். மற்ற பெயர்களுக்கு எதிரே உள்ள பழைய தேதிகள் பழைய தேதிகளாகவே இருக்கும்.